நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டை விட்டுவிட்டுக் கிள்ளிகுளம் போனோம்: கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம்

அம்பை மாரி

சீட் பிளாக்கிங்குக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா என்று போன வாரம் இங்கே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. 2024-ல் நடந்ததை எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். சீட் உறுதியானது. ஏப்ரலில் 25,000 ரூபாய் கட்டி சீட்டைப் பிடித்தோம். ஜூனில் மீதி டியூஷன் ஃபீஸ் 1,45,000, காஷன் டெபாசிட் 10,000. ஆக மொத்தம் 1,80,000. ஹாஸ்டலுக்கு இன்னும் கட்டவில்லை. ஆகஸ்டில் வேளாண் கவுன்சலிங்கில் கிள்ளிகுளம் கிடைத்தது. வல்லநாடு பக்கம்தான், வீட்டிலிருந்து போய்வரும் தூரம். அவளுக்கும் முதலிலிருந்தே பி.எஸ்சி. அக்ரி மேல்தான் ஆசை.

ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்றே பழைய சீட்டை ரத்து செய்துவிடலாம் என்றார் அப்பா. நான் விடவில்லை. கிள்ளிகுளத்தில் பணம் கட்டி, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் விலகல் கடிதம் எழுதினோம். சரிபார்ப்பில் ஏதாவது இடித்து, இரண்டு சீட்டும் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் ரத்து செய்ய ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் லாகின் முடங்கிவிடும் என்று முன்னால் விலகிய ஒரு பையன் சொல்லியிருந்தான். அதனால் முதலில் எல்லா ரசீதையும் சேர்க்கை ஆணையையும் இறக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலேயே 'பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதை ஏற்கிறேன்' என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் டிக் அடிக்காமல் மேலே போக முடியாது. பொத்தானைத் தொடாமல் பதிவாளருக்கும் சேர்க்கைப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் போட்டேன். விண்ணப்ப எண், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம், எந்தக் கணக்கிலிருந்து போனது, இன்ன தேதியிலிருந்து சீட்டை விடுகிறோம், பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், இவ்வளவுதான் கடிதம். காரணம் எழுதி நீட்டவில்லை.

பதில் வந்தது. சேர்க்கைக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டது, எனவே 80 சதவீதம்தான். சீட் பிளாக்கிங் தொகை கணக்கில் வராது. 1,45,000-ல் 80 சதவீதம் 1,16,000, காஷன் டெபாசிட் 10,000, ஆக 1,26,000 தருகிறோம் என்று. அப்பா சரி, வந்தவரை லாபம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 54,000 ரூபாயை எதற்கு விட வேண்டும்?

தச்சநல்லூர் செல்வி

1,000 ரூபாய்தானே பிடிக்கலாம்? எல்லாக் காலேஜுக்கும் அதுதான் ரூல் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் பிடித்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய்விடுங்கள், ஒரே மாதத்தில் முடிந்துவிடும்.

பேட்டை சூப்பரண்ட்

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பல வருடம் இருந்து ரிடையர் ஆனவன். செல்வி சொன்னதில் பாதி சரி. அந்த 1,000 ரூபாய் ஏ.ஐ.சி.டி.இ. விதி. வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் அதற்கு மேல் பிடிக்கக் கூடாது. நம்ம ஊர்ப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்கிறவர்களுக்கு அதுதான் முதலில் பேச வேண்டிய விதி.

மாரி தம்பியின் கேஸ் யு.ஜி.சி. விதி. 2018 அக்டோபர் அறிவிக்கையில் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகை. அதிலும் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், அலுவலகச் செலவுக்குப் பிடிக்கலாம். அதற்குப் பின் கடைசித் தேதி வரை 90. அது தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. காஷன் டெபாசிட் இந்தச் சதவீதத்துக்குள் வராது, அது முழுசாகத் திரும்ப வேண்டும். ஆனால் 2024-25-க்குத் தனியாக ஒரு சுற்றறிக்கை வந்தது. 2024 செப்டம்பர் 30 வரை விலகினால் பிடித்தமே கிடையாது. அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும். அதற்குப் பின் போனால்தான் 2018 கணக்கு. ஆகஸ்டில் விலகியவருக்கு 80 சதவீதம் என்று எழுதினது தப்பு.

இன்னொன்றும் பாருங்கள். அவர்கள் சொன்ன 80 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. கட்டிய கட்டணம் 25,000-த்தையும் சேர்த்து 1,70,000. அதில் 80 சதவீதம் 1,36,000. காஷனோடு 1,46,000 வர வேண்டும். 'சீட் பிளாக்கிங்' என்று பெயர் வைத்துவிட்டால் அது கட்டணம் இல்லை என்று ஆகிவிடாது.

கோர்ட் விஷயத்தில் செல்வி கொஞ்சம் பொறுங்கள். கல்வி நுகர்வோர் சட்டத்தின் கீழ் 'சேவை'யா என்பதிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வேறு வேறு பக்கம் போயிருக்கின்றன. 1915 ஹெல்ப்லைனில் புகார் பதியலாம். அது தனி, வழக்கு தனி.

அம்பை மாரி

சூப்பரண்ட் அண்ணாச்சி சொன்னதைத்தான் செய்தேன். 2024 ஜூன் 12 தேதியிட்ட அந்தச் சுற்றறிக்கையை இணைத்து, 'எங்கள் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது ஆகஸ்டில், எனவே முழுத் தொகை' என்று இரண்டே வரி எழுதினேன். 1,55,000 கணக்கில் ஏறியது. 25,000 மட்டும் நின்றது. ஃபோனில் கேட்டால் 'சார், அது பாலிசி' என்பார்கள். வேறு பதில் கிடையாது.

அப்புறம் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிந்தேன். கடிதம், ஸ்பீட் போஸ்ட் டிராக்கிங் பக்கம், அவர்கள் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் ஒரே கோப்பாக. புகார் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த 25,000-மும் வந்துவிட்டது. விளக்கமோ வருத்தமோ யாரும் எழுதவில்லை. அது எனக்கு வேண்டவும் வேண்டாம்.

வள்ளியூர்க்காரன்

எங்க பையன் சென்னையில் பி.ஜி. ஹாஸ்டலில் கொடுத்த அட்வான்ஸை ஓனர் தர மாட்டேங்கிறார். அதற்கும் யு.ஜி.சி.யில் புகார் கொடுக்கலாமா?

பேட்டை சூப்பரண்ட்

தம்பி, அது தனியார் விடுதி. யு.ஜி.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சேரன்மகாதேவி பாத்திமா

எங்கள் கதை வேறு. அக்கா மகன் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, வகுப்புக்கும் போய், அப்புறம் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்து விலகினான். டி.சி. கேட்டால் 'நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ' என்றார்கள். மச்சான் நகையை அடகு வைக்கக்கூடத் தயாராகிவிட்டார். நல்ல வேளை, தெரிந்தவர் ஒருவர் தடுத்தார். எழுத்தில் கேளுங்கள், எவ்வளவு, எந்த விதிப்படி என்று பதில் கேளுங்கள் என்றார். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. டி.சி. வந்தது. கட்டிய பணத்தில் எதுவும் வரவில்லை. அதைக் கேட்டிருக்கலாமா?

பேட்டை சூப்பரண்ட்

வரும் வருடங்களின் கட்டணத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமையே இல்லை. சேர்ந்த பின் விலகினால் ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு இப்படி: அந்த இடத்தில் கடைசித் தேதிக்குள் வேறு மாணவர் சேர்ந்திருந்தால், படித்த மாதங்களுக்கு உள்ளதைக் கழித்து மீதியைத் தர வேண்டும். இடம் காலியாகவே போயிருந்தால் டெபாசிட்டும் சான்றிதழும்தான் திரும்பும். இடம் நிரம்பியதா என்று உங்கள் மச்சான் கேட்டாரா?

யு.ஜி.சி.க்கு உட்பட்ட இடங்களில் அசல் சான்றிதழைச் சேர்க்கையின்போது பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்று அதே 2018 அறிவிக்கை சொல்கிறது. நடைமுறையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் என்னென்ன கொடுத்தோம் என்று சீல் போட்ட ரசீது வாங்குங்கள்.

உள்ளே இருந்தவனாக ஒன்று சொல்கிறேன். ரீஃபண்ட் கோப்பு சேர்க்கைப் பிரிவிலிருந்து அக்கவுண்ட்ஸ் போய், பதிவாளர் கையெழுத்துக்குப் போகும். கோப்பில் பார்ப்பது இன்வர்டு சீல் தேதியைத்தான். நீங்கள் ஃபோனில் சொன்ன தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். விண்ணப்பம் வந்து 15 நாளில் தர வேண்டும் என்பது விதி. அந்தக் கெடுவும் சீலிலிருந்துதான் ஓடும்.

மேலப்பாளையம் ரஹீம்

எங்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. சீட் பிடிக்க முதல் தவணையைச் சின்ன மாமா ஜிபே-யில் போட்டார், மீதி கல்விக் கடனில் போனது. இப்போது விலகினால் பணம் யாருக்கு வரும்? அத்தோடு, சீட் வாங்கித் தந்த ஏஜென்ட் தனியாக 20,000 வாங்கியிருக்கிறார், ரசீது இல்லை.

அம்பை மாரி

பாய், எங்கள் பல்கலைக்கழகம் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி அனுப்பியது. வேறு கணக்குக்கு என்றால், கட்டியவரின் ஒப்புதல் கடிதமும் ரத்து செய்த காசோலையும் கேட்டார்கள். மாமாவிடம் இப்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள். கடன் தொகை வங்கிக் கடன் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. விலகுவதற்கு முன் கிளை மேலாளரிடமும் சொல்லிவிடுங்கள், புதுக் கல்லூரிக்குக் கடனை மாற்ற வேண்டியிருக்கும்.

பேட்டை சூப்பரண்ட்

ஏஜென்டுக்குக் கொடுத்ததைப் பல்கலைக்கழகத்திடம் கேட்க வழியில்லை. ரசீது இல்லாத பணத்துக்கு அவர்கள் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். அந்த ஆளிடம்தான் பேச வேண்டும், வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துவிடாதீர்கள்.

இந்த வருடம் விலகுகிறவர்களுக்கு: மாரி தம்பியின் செப்டம்பர் 30-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 2024-25-க்கு மட்டும். யு.ஜி.சி. தளத்தில் இந்தக் கல்வியாண்டுக்குச் சுற்றறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2018 படிகள்தான். அப்போது எல்லாம் கடைசித் தேதியில் வந்து நிற்கும். 'எங்கள் கடைசித் தேதி ஜூலையிலேயே முடிந்தது' என்று சொல்வார்கள். அந்தத் தேதியை எந்த அறிவிக்கையில் வெளியிட்டீர்கள், நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். சேர்க்கை ஆணையில் உங்களுக்கு மட்டும் அச்சடித்த கட்டணக் கெடு அது ஆகாது.

தச்சநல்லூர் செல்வி

ஹாஸ்டல் ஃபீஸ், மெஸ் அட்வான்ஸ் கட்டியிருந்தால்? என் தம்பி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. ஹாஸ்டல் தனி டிரஸ்ட் கணக்கில் இருக்கிறது, அது யு.ஜி.சி. விதிக்குள் வராது என்கிறார்கள்.

பேட்டை சூப்பரண்ட்

இந்த வாதத்தை நிறைய இடத்தில் வைக்கிறார்கள். சிலர் போராடி வாங்கியிருக்கிறார்கள், சிலருக்குக் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் ரசீதில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, பல்கலைக்கழகமா டிரஸ்டா? முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள் மதினி. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள், அவர்களும் கைவிரித்தால் ஒம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

தச்சநல்லூர் செல்வி

ரசீது தம்பியிடம் இருக்கிறது. ராத்திரி அவன் வந்ததும் பார்த்துப் போடுகிறேன்.