பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தும் pH 2.3 தான் காட்டுகிறது. மீட்டர் கோளாறா?

குரோம்பேட்டை மாணவி
வணக்கம். பி.எஸ்சி. முதல் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்ததால் மடக்கை எனக்குப் புதிது. நேற்று ஆய்வகத்தில் 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொடுத்தார்கள். மீட்டரில் 2.0 வந்தது. 10 மில்லி அமிலத்தோடு 10 மில்லி வாலைவடிநீர் கலந்தேன். அமிலம் பாதியாகிவிட்டதே, pH இரண்டு மடங்காகி 4 வரும் என்று காத்திருந்தேன். வந்தது 2.3.

அடுத்து 10 மில்லி அமிலத்தை ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் 100 மில்லி ஆக்கினேன். 3.0 வந்தது. அதற்குள் வாலைவடிநீர் தீர்ந்துவிட்டது. அதையே இன்னொரு முறை ஆய்வகக் குழாய்த் தண்ணீரில் செய்தேன், 6.7 வந்தது! நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது மெல்ல ஏறியும் போனது. மூன்று முறையும் நான் நினைத்தது வரவில்லை. மீட்டரை மாற்றச் சொல்லலாமா?

கணக்குப் பட்டறை
மீட்டர் மேல் பழி போட வேண்டாம். pH என்பது செறிவு அல்ல, பத்தின் அடுக்கு. 0.01 என்றால் 10^-2. அந்த அடுக்கில் உள்ள கழித்தல் குறியை நீக்கினால் 2, அதுதான் pH.

```
pH = -log10[H+]
```

1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சன் கொண்டுவந்த வழக்கம் இது. அவர் நொதிகளோடு வேலை செய்தவர். 0.0000001 மாதிரி எண்களையே தினமும் எழுதிக்கொண்டிருப்பதற்கு 7 என்று எழுதிவிடலாம். அந்தக் கழித்தல் குறியால்தான் அமிலம் கூடக் கூட எண் குறைகிறது.

pH 1 கூடினால் அயனிகள் பத்தில் ஒரு பங்காகும். ஆக, 0.5 கூடினால் ஐந்தில் ஒரு பங்கு, 0.3 கூடினால் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை மாணவி
சார், அப்படியென்றால் 2.3க்கு அமிலம் மூன்றில் ஒரு பங்காகியிருக்க வேண்டும். நான் சரிபாதிதான் ஆக்கினேன். இன்னும் குழம்புகிறது.

ஆய்வக அக்கா
உன் மீட்டர் நன்றாகவே இருக்கிறது மா. முதல் இரண்டு அளவும் மிகச் சரி. மேலே சொன்னதில் "1 கூடினால் பத்தில் ஒரு பங்கு" என்பது வரை சரிதான், அதற்குப் பின் வந்ததுதான் இடிக்கிறது. 0.5 என்ற படியை இரண்டு முறை ஏறினால் 1 வர வேண்டும், அதாவது மொத்தம் பத்து மடங்கு குறைய வேண்டும். ஒவ்வொரு அரைப் படியும் ஐந்து மடங்கு என்றால் ஐந்தைந்து இருபத்தைந்து ஆகிவிடுமே! எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 10 வரும்? 3.16. ஆக அரைப் படி என்பது சுமார் 3.16 மடங்கு. pH பக்கம் நீ கூட்டும்போதெல்லாம் அயனி பக்கம் பெருக்கலோ வகுத்தலோ நடக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

உன் 0.3 எங்கிருந்து வந்தது என்று மடக்கை அட்டவணை இல்லாமலே பார்க்கலாம். 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024. ஏறக்குறைய ஆயிரம். அதாவது, ஒரு கரைசலைப் பாதி, அதில் பாதி என்று பத்து முறை நீர்த்தால் அயனிகள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆயிரம் என்பது பத்தைப் பத்தால் பெருக்கி மறுபடி பத்தால் பெருக்கியது, அதனால் pH மூன்று கூடும். பத்து பாதியாக்கலுக்கு 3 என்றால் ஒரு பாதியாக்கலுக்கு 0.3. நீ பார்த்தது அதுதான். கால்குலேட்டரில் log 2 போட்டால் 0.301 வரும்.

நீ எதிர்பார்த்த 4க்கு அயனிகள் நூறில் ஒரு பங்காக வேண்டும். உன் 10 மில்லி அமிலத்தை முழு 1 லிட்டர் ஆக்கியிருக்க வேண்டும், 20 மில்லி போதாது.

குரோம்பேட்டை மாணவி
அக்கா, இப்போது புரிகிறது. 100 மில்லி ஆக்கியபோது 3 வந்ததும் அதனால்தான். 10 மடங்கு நீர்த்ததால் pH 20 ஆகுமோ என்று முதலில் கணக்குப் போட்டு, 14க்கு மேல் போகாதே என்று குழம்பிப்போயிருந்தேன். அந்த 6.7 மட்டும் இன்னும் புரியவில்லை.

கொளத்தூர் மீன் தொட்டி
எனக்கும் இதே பிரச்சினைதான். என் தொட்டியில் pH 7.8. நான் வளர்க்கும் மீன்களுக்கு 6.8 நல்லது என்றார்கள். கடையில் pH குறைக்கும் திரவம் வாங்கி மாலையில் ஊற்றினால் 6.9 வரை இறங்குகிறது, காலையில் பார்த்தால் மறுபடி 7.6. என் மீட்டரும் கோளாறுதானே? எந்த மீட்டர் வாங்கலாம்? ஒன்றுதானே குறைக்கிறோம், ஒரே நாளில் குறைத்தால் மீனுக்கு என்ன ஆகிவிடும்?

ஆய்வக அக்கா
அண்ணா, இந்தப் பெண் கேட்டது வேறு கேள்வி. ஆனாலும் உங்கள் தொட்டிக்கும் இவளுடைய 6.7க்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாணவி, உங்கள் ஆய்வகக் குழாயில் வருவது போர் தண்ணீரா?

குரோம்பேட்டை மாணவி
ஆமாம் அக்கா, போர்தான். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஆய்வக அக்கா
அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும், அது அமிலத்தை விழுங்கும். உங்கள் தண்ணீரின் காரத்தன்மை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்கிறேன், கடினமான தண்ணீரில் இது சாதாரணம். அந்த அளவுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் 4 மில்லிமோல் அமிலத்தை விழுங்கிவிடும்.

நீ எடுத்த 10 மில்லி அமிலத்தில் இருந்தது 0.1 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி. நீ சேர்த்த 90 மில்லி குழாய்த் தண்ணீரால் 0.36 மில்லிமோல் வரை விழுங்க முடியும். இருந்த அமிலம் முழுவதும் காலி, பைகார்பனேட்டில் ஏறக்குறைய முக்கால்வாசி அப்படியே மிச்சம். விழுங்கப்பட்ட அமிலம் கார்பன் டை ஆக்சைடாகத் தண்ணீரில் கரைந்து நிற்கும். இந்த நிலையில் கணக்குப்படி pH சுமார் 6.8 வரும், நீ பார்த்தது 6.7. மெல்ல ஏறியதற்குக் காரணம், அந்தக் கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேறியது.

அண்ணா, உங்கள் தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. இரவு முழுக்க காற்று பம்ப் ஓடும், திரவம் உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு போய்விடும், pH திரும்ப ஏறும். மீட்டர் வாங்குவதற்கு முன் கார்பனேட் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து வாங்கி அளந்து பாருங்கள். அது அதிகமாக இருந்தால், ஆர்.ஓ. தண்ணீர் கலந்து குறைக்காமல் pH நிலையாக இறங்காது. "ஒன்றுதானே" என்று மட்டும் நினைக்காதீர்கள். 7.8லிருந்து 6.8 என்றால் அயனிகள் பத்து மடங்கு கூடுகின்றன.

கணக்குப் பட்டறை
0.5க்கு 3.16 என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் சொன்னது அவசரக் கணக்கு. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பத்து மடங்கு என்றாலும் எங்கே நின்று பத்து மடங்கு என்பது முக்கியம். pH 2லிருந்து 1க்கு இறக்க லிட்டருக்கு 0.09 மோல் அயனி புதிதாக வேண்டும். சுத்தமான தண்ணீரை 7லிருந்து 6க்கு இறக்க 0.0000009 மோல் போதும். மீட்டரில் இரண்டும் ஒரே "ஒன்று"தான். சேர்க்க வேண்டிய அளவில் லட்சம் மடங்கு வித்தியாசம்.

கொளத்தூர் மீன் தொட்டி
நன்றி மேடம், நன்றி சார். ஆனால் எங்கள் பக்கம் நிறைய பேர் 7.8லேயே மீன் வளர்க்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. மீனைச் சோர்வடையச் செய்வது pH எண்ணா, அது திடீரென்று மாறுவதா?

ஆய்வக அக்கா
மீன் எனக்குத் தெரியாத துறை அண்ணா, ஊகித்துச் சொல்ல விரும்பவில்லை. மீன் வளர்ப்பு தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

குரோம்பேட்டை மாணவி
வாலைவடிநீர் வந்துவிட்டது, இன்று தொடர்ந்து செய்தேன். ஒவ்வொரு முறையும் முந்தைய கரைசலில் 10 மில்லி எடுத்து 100 மில்லி ஆக்கினேன். 3.0, 4.0, 5.0 வரை அழகாக வந்தது. அடுத்தது 6 வரும் என்று பார்த்தால் 5.5. எண் நிலைக்காமல் 5.4க்கும் 5.7க்கும் இடையே ஆடுகிறது. இப்படியே நீர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் 8க்குப் போய்க் காரமாகிவிடுமா என்பதும் எனக்குச் சந்தேகம்.

ஆய்வக அக்கா
காரமாகாது. தண்ணீரே தன்னிடமிருந்து லிட்டருக்கு 10^-7 மோல் ஹைட்ரஜன் அயனி தருகிறது. உன் அமிலம் எவ்வளவு குறைந்தாலும் அந்தத் தரை இருக்கிறது, அதனால் 25 டிகிரியில் 7ஐ நெருங்குமே தவிர தாண்டாது.

நீ 6ஐக்கூடத் தொடாததற்குக் காரணம் காற்று. திறந்து வைத்த வாலைவடிநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு தானே pH 5.6 அளவுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில் உன் 10^-6 மோலார் அமிலத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் எனக்கு 5.5 வருகிறது. 3, 4, 5 வரும்போது உன் அமிலம்தான் பெரியது, இது தெரியவில்லை. இப்போது தண்ணீரில் இருந்தது மேலே வந்துவிட்டது.

எண் ஆடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அயனி மிகக் குறைவான தண்ணீரில் சாதாரண மின்முனை நிலையான எண் காட்டத் தடுமாறும். உன்னுடையது இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வாலைவடிநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு குடுவையில் ஆறவைத்து, அதில் ஒருமுறை நீர்த்துப் பார். 6ஐ நோக்கி நகர்ந்தால் காற்றுதான் காரணம். நகராமல் ஆடிக்கொண்டே இருந்தால் மின்முனையைக் கழுவி, 4, 7 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு வா.

கணக்குப் பட்டறை
கொதிக்க வைத்த தண்ணீர் ஆறி 25 டிகிரி வருவதற்குள் காற்று திரும்பப் புகுந்துவிடாதா? மூடி போட்டாலும் மீட்டர் வைக்கத் திறந்துதானே ஆக வேண்டும்.

ஆய்வக அக்கா
புகும். திறந்ததும் உடனே படிக்க வேண்டும், கலக்கக் கூடாது. அப்படியும் சரியாக 6.0 வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். 5.5ஐவிட மேலே போகிறதா என்று பார்த்தால் போதும்.

குரோம்பேட்டை மாணவி
திங்கட்கிழமை ஆய்வகம் இருக்கிறது அக்கா. கொதிக்க வைத்த தண்ணீர், சாதாரண வாலைவடிநீர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மீட்டரில் பார்த்துவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.