சந்தேகம்: ஸ்டேட்மென்ட்ல ரெண்டு இஎம்ஐ, சிபில்ல ஒண்ணுதான்

கோரமங்களா கிரெடிட்:
அவசரம். பெங்களூரு ஃபைல், பர்சனல் லோன் 4 லட்சம், சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். விண்ணப்பத்துல கைக்கு வர்ற சம்பளம் 68,000, நடப்புக் கடன் பைக் லோன் மட்டும், மாசம் 4,200. சிபில்லயும் அந்த ஒண்ணுதான். ஆனா ஸ்டேட்மென்ட்ல 61,500தான் வருது. 5ஆம் தேதி `ACH D`ன்னு 8,789 போகுது. ரிஜெக்ட் பண்ணிடலாமா?

மடிவாளா மணி:
புது லோனா இருக்கும். கடன் குடுத்தவங்க சிபிலுக்கு மாசம் ஒரு தடவைதான் அனுப்புவாங்க, ஏற ரெண்டு மாசம் ஆகும். விண்ணப்பதாரர் மறைச்சிருக்கார். ரிஜெக்ட்தான்.

எல்லைக்கோடு:
ரிப்போர்ட் எடுத்த தேதி இல்ல, ஸ்டேட்மென்ட் எத்தனை மாசம்னு இல்ல, பேஸ்லிப் பத்திப் பேச்சே இல்ல. இந்த மூணையும் பக்கத்துல வைக்காம ஃபைலைத் திறக்குறதே தப்பு. அடிப்படை தெரியாம இந்த சீட்ல எப்படி உக்கார வச்சாங்க?

பனசங்கரி மேடம்:
திட்டுனா ஃபைல் நகராதுங்க.

மணி சார், நீங்க சொல்றது பழைய கணக்கு. 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாவது அனுப்பணும். ரெண்டு மாசம் இஎம்ஐ போன லோன் இன்னும் ஏறலைன்னா, முதல்ல ரிப்போர்ட்டே பழசான்னு பாக்கணும்.

தம்பி, `ACH D`ன்னாலே கடன்னு முடிவு கட்டாதீங்க. எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அப்படித்தான் போகும். அந்தப் பிடித்தம் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு பாத்துட்டு, அதுக்கு முந்தின மாசத்துல பெரிய வரவு ஏதாவது இருக்கான்னு தேடுங்க. 2.5 லட்சத்தை 16 சதவீதத்துல 36 மாசத்துக்குப் போட்டா இஎம்ஐ சரியா 8,789 வருது. 2 சதவீத பிராசசிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் கழிச்சா கணக்குக்கு வர்றது 2,44,100. அந்தத் தொகை இருந்தா கடன் இவரோடதுதான். வரவே இல்லாம இஎம்ஐ மட்டும் போகுதுன்னா, வேற யார் கடனையோ கட்டுறாரான்னு கேட்டு எழுதிக்குங்க. ரிப்போர்ட்ல `Enquiries` பகுதியையும் பாருங்க. கடன் ஏறுறதுக்கு முன்னாடியே விசாரணை அங்க விழுந்திருக்கும்.

விண்ணப்பத்துல கையெழுத்து எந்தத் தேதி? அன்னைக்கு அந்தக் கடனே இல்லைன்னா அதைப் பொய்னு சொல்ல முடியாது.

ஓசூர் ரோடு:
எனக்கும் இதே சிக்கல். ரிப்போர்ட்ல நான் வாங்காத லோன் ஒண்ணு இருக்கு, ஸ்கோர் 640. எப்படி ஏத்துறது?

பனசங்கரி மேடம்:
உங்களுது வேற விஷயம். அந்த லோன்ல `Ownership` என்னன்னு பாருங்க, யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தா `Guarantor`னு இருக்கும். மத்ததுக்குத் தனியா இழை போடுங்க.

கோரமங்களா தம்பிக்கு இன்னொண்ணு. சம்பளத்துல 6,500 குறையுது, மாசாமாசம் ஒரே தொகையான்னு பாருங்க. லீவுக்குப் பிடிச்சா மாறும். மாறலைன்னா பேஸ்லிப்ல ஊழியர் சொசைட்டி கடன் பிடித்தமா இருக்கலாம். அந்த மாதிரிக் கடன் பல நேரம் சிபில்ல வராது, பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் தெரியாது. பேஸ்லிப் ஒண்ணுதான் வழி.

எல்லைக்கோடு:
சம்பளம் 61,500னு எடுத்தாலே சொசைட்டி கழிஞ்சிடுச்சு. அதைக் கடன்லயும் சேத்தா ரெண்டு தடவை கழிச்ச மாதிரி.

பனசங்கரி மேடம்:
ரெண்டு பக்கமும் கழிக்கச் சொல்லல. 68,000ஐ வருமானமா வச்சு 6,500ஐக் கடனா எழுதணும்னுதான் சொல்றேன். புது லோன் 14 சதவீதம், 48 மாசம்னா இஎம்ஐ 10,931. உங்க வழியில 61,500க்கு மொத்த இஎம்ஐ 23,920, அதாவது 38.9 சதவீதம். என் வழியில 68,000க்கு 30,420, 44.7 சதவீதம். வரம்பு 40ன்னா ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில். கடனை வருமானத்துக்குள்ள ஒளிச்சு வச்சா மேல பாக்குறவருக்கு அது தெரியவே தெரியாது.

எல்லைக்கோடு:
பாலிசியில கைக்கு வர்ற சம்பளம்னு இருந்தா அதைத்தான் எடுக்கணும். நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

மடிவாளா மணி:
ரெஃபரன்ஸ் பத்தி யாருமே கேக்கல. விண்ணப்பத்துல குடுத்த ரெண்டு ரெஃபரன்ஸ் நம்பரையும் ரிப்போர்ட்ல இருக்குற விண்ணப்பதாரரோட ஃபோன் நம்பர்களோட ஒப்பிட்டுப் பாருங்க. சொந்த ரெண்டாவது நம்பரையே நண்பர் நம்பர்னு குடுக்குறது உண்டு.

பனசங்கரி மேடம்:
இது சரி. வீட்டுல இருக்குறவங்க நம்பராவும் இருக்கலாம், ஒரு தடவை கூப்பிட்டுட்டு எழுதுங்க.

கோரமங்களா கிரெடிட்:
ரிப்போர்ட் ஜனவரி 28ல எடுத்தது, கையெழுத்து 27. பிப்ரவரி 11ல 2,44,100 வந்திருக்கு. பழைய ரிப்போர்ட்லயே `Enquiries`ல ஜனவரி 24, 2,50,000னு இருக்கு, நான் கவனிக்கல. புது ரிப்போர்ட்ல லோன் ஏறியிருக்கு. பேஸ்லிப்ல சொசைட்டி 6,500. ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் அவரோடதேதான். எந்த சம்பளத்தை எடுக்குறதுன்னு மேனேஜர்கிட்ட கேட்டிருக்கேன்.