ஜென்னி லிண்டின் முதல் டிக்கெட்: புகழை யார் செய்கிறார்கள்?

மதிவாணன்:
நட்சத்திரப் புகழ் என்பதே விளம்பரக்காரர்கள் செய்து வைப்பதுதான், ரசிகர்கள் அதன் பின்னால் இழுபட்டுப் போகிறார்கள் என்கிறான் என் நண்பன். எனக்கு ஒப்பவில்லை. ஒருவரைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் தானாகத் திரள்வதைக் காசு கொடுத்துச் செய்துவிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்:
முடியாது. சரக்கு இல்லாத ஆளை எத்தனை நாள் தூக்கிப் பிடிப்பது? ஏற்கெனவே எரிகிற விளக்கின் திரியைத் தூண்டிவிடுவதுதான் விளம்பரத்தின் வேலை, அதற்குமேல் ஒன்றுமில்லை. நல்ல பாட்டு தானாகப் பரவும், நல்ல நடிகரை ஊர் தானாகக் கண்டுபிடிக்கும். விளம்பரத்தால்தான் புகழ் என்று சொல்வது ரசிகர்களை முட்டாளாக்குகிற பேச்சு.

ரேவதி:
பதினொரு வருடம் பிஆர் என்கிற மக்கள் தொடர்பு வேலையில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். கதிரவன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு பழைய கதை உண்டு. இந்தத் தொழிலில் இன்று நடப்பதில் பெரும்பகுதி அதில் அப்படியே இருக்கிறது.

1850ஆம் வருடம். ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டுக்கு ஐரோப்பாவில் பெரிய பேர். அமெரிக்காவில் அவர் பேரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. பி. டி. பார்னம் என்ற காட்சிசாலைக்காரர் அவரை ஒப்பந்தம் செய்தார். ஒரு கச்சேரிக்கு 1,000 டாலர் வீதம் 150 கச்சேரிகள். 1,87,500 டாலரை முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாட்டை பார்னம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒப்பந்தச் செய்தி வந்த கையோடு ரயிலில் போகிறார். தனக்குத் தெரிந்த கண்டக்டரிடம் "ஜென்னி லிண்ட் வரப்போகிறார்" என்று பெருமையாகச் சொல்கிறார். அவர் திருப்பிக் கேட்டது, "நாட்டியக்காரியா?" இதைத் தன் சுயசரிதையில் பார்னமே எழுதியிருக்கிறார். கையில் இருக்கும் சில மாதங்களில் என்ன செய்தாக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் குரலை விற்கவில்லை. கேட்காத குரலை எப்படி விற்பது? அந்தப் பெண்ணின் நல்ல குணத்தை விற்றார். ஏழைகளுக்குக் கொடுத்தது, பக்தி, எளிமை எல்லாம் பத்திரிகைகளில் வாரத்துக்கு வாரம் வந்துகொண்டே இருந்தன. அதில் பொய் கிடையாது, லிண்ட் நிஜமாகவே அள்ளிக் கொடுத்தவர்தான். ஆனால் எதை முன்னால் வைப்பது என்று தீர்மானித்தவர் பார்னம். பிறகு லிண்ட் பாடுவதற்கு ஒரு வரவேற்புப் பாட்டு எழுதச் சொல்லி 200 டாலர் பரிசுப் போட்டி வைத்தார். எழுநூறுக்கும் மேல் வந்து குவிந்தன. அத்தனை பேருக்கும் அந்தப் பேர் சொந்த விஷயமாகிவிட்டது, கவனியுங்கள். அந்த வருடம் செப்டம்பர் 1 அன்று கப்பல் நியூயார்க்கில் வந்து நின்றபோது துறைமுகத்தில் முப்பதாயிரம் பேருக்குமேல் கூடியிருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அதில் எத்தனை பேர் அவர் பாட்டைக் கேட்டிருப்பார்கள்?

மதிவாணன், காசு கொடுத்துக் கூட்டம் சேர்க்க முடியுமா என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அங்கே போய் நிற்பதற்கு ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கதிரவன்:
ரேவதி மேடம், நீங்களே ஐரோப்பாவில் பெரிய பேர் என்கிறீர்கள். அப்படியானால் திறமைதானே முதலில் வந்தது? குரல் மட்டமாக இருந்திருந்தால் முதல் கச்சேரியோடு மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஷாஜஹான்:
ரேவதி அக்கா சொன்ன கதையைப் படிச்சதும் கை துறுதுறுங்குது. நான் மூணு வருஷம் ஒரு நடிகருக்கு ஹேஷ்டேக் ஓட்டுற குரூப்ல அட்மினா இருந்தவன். பேர் வேணாம். நாங்க எப்படிச் செய்வோம்னு சொல்றேன், தானா வர்ற கூட்டமா இல்லையான்னு நீங்களே பாத்துக்குங்க.

டேக் என்னன்னு கடைசி நிமிஷம் வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டோம். சாயங்காலம் 6 மணின்னா 6 மணிக்குத்தான் குரூப்ல போடுவோம். ஏன்னா நாள் முழுக்க எத்தனை பதிவு வந்துச்சுங்கிறதவிட, எவ்வளவு சீக்கிரம் திடீர்னு எகிறுதுங்கிறதத்தான் ட்ரெண்டிங் பட்டியல் பாக்கும். ஒருத்தன் மதியமே போட்டு, அது கொஞ்சம் கொஞ்சமா பரவுச்சுன்னா சாயங்காலம் ஏறாது. அப்படிக் கசிஞ்சு ரெண்டு தடவை டேக்கையே மாத்தியிருக்கோம். எழுத வேண்டிய வரிகளை முன்னாடியே நூறு இருநூறு தயார் பண்ணிக் குடுப்போம், ஆனா அப்படியே ஒட்டாதீங்க, ஒரு வார்த்தையாவது மாத்துங்கன்னு சொல்வோம். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தா ஸ்பாம்னு தூக்கிடுவாங்க.

ஒருநாள் ராத்திரி முதலிடம் வந்துச்சு. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலையில அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் பி.ஆர்.ஓ. அனுப்பின செய்தி, "ரசிகர்கள் கொண்டாட்டம், இணையமே ஸ்தம்பித்தது"ன்னு. உக்காந்து எண்ணிப் பாத்தா அத்தனை பதிவையும் போட்டது ஆயிரம் பேர்கூடத் தேறல. நாங்க டேக் ஓட்டின படம் வந்து ரெண்டாம் வாரமே பாதிக் காட்சிகளை எடுத்துட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு விட்டுப்போச்சு.

செல்வராணி:
எனக்கும் இது பற்றித்தான் கேட்க வேண்டும். என் அண்ணன் மகன் நன்றாகப் பாடுவான். பாட்டுகளை யூடியூபில் போடுகிறோம், பார்க்க ஆளில்லை. பணம் கட்டினால் பார்வைகள் கூட்டித் தருகிறோம் என்று ஒருவர் வருகிறார். கட்டலாமா?

ரேவதி:
செல்வராணி அம்மா, இங்கே பேசிக்கொண்டிருப்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். யூடியூபிலேயே நேரடியாக விளம்பரம் கொடுப்பது முறையான வழி, யார் பார்த்தார்கள் என்றும் தெரியும். வெளியாள் கூட்டித் தருவது போலிக் கணக்குகளாக இருந்தால் ஒருநாள் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுவார்கள். பெரிய இசை நிறுவனங்கள் விளம்பரமாகப் பாட்டை ஓட்டியே "24 மணி நேரச் சாதனை" என்று அறிவித்த காலம் ஒன்று இருந்தது. விளம்பரத்தால் வந்த பார்வைகளை அந்தச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 2019 செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது. பையன் விஷயத்தில் இன்னொன்றைப் பாருங்கள். பத்தாயிரம் பார்வை இருந்து கமெண்ட் நாலே நாலு என்றால், கேட்கிறவர்கள் வரவில்லை என்று அர்த்தம்.

ஷாஜஹான் தம்பி, நீங்கள் சொன்னது பார்னத்தின் ஏலத்தை நினைவுபடுத்துகிறது. முதல் கச்சேரியின் டிக்கெட்டுகளை அவர் ஏலம் விட்டார். முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஜெனின் என்ற தொப்பி வியாபாரி. அவரையும், மாத்திரை விற்கும் பிராண்ட்ரெத் என்பவரையும் முன்பே தனித்தனியாகத் தூண்டிவிட்டது பார்னம்தான். மறுநாள் பத்திரிகைகளில் ஜெனின் பேர். அவர் தொப்பிக்கடை அதனால் எப்படி ஓடியது என்று பார்னமே எழுதுகிறார். அடுத்து பாஸ்டனில் முதல் டிக்கெட் 625 டாலர், எடுத்தவர் டாட்ஜ் என்ற ஒரு மேடைப்பாடகர்.

இங்கே யார் யாரை ஏமாற்றினார்கள்? ஜெனின் ஏமாறவில்லை. லிண்டின் வெளிச்சத்தில் கொஞ்சம் தன் மேல் விழவேண்டும் என்றுதான் காசைக் கொட்டினார், விழுந்தது. கொட்டிய காசு செய்தியாகி லிண்டின் புகழை இன்னும் ஏற்றியது. உங்கள் குரூப் பையன்களுக்கும் அந்த ராத்திரி ஏதோ ஒன்று கிடைத்தது, இல்லையா?

ஷாஜஹான்:
கிடைச்சுது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். வேலை இல்லாம வீட்ல இருந்த காலம் அது. நான் ஒரு வார்த்தை சொன்னா எண்ணூறு பேர் செய்வாங்க. அதை விட்டுட்டு வர்றதுதான் கஷ்டமா இருந்துச்சு, நடிகரை விடறது இல்ல. ஆனா ஜெனினுக்குத் தொப்பி வித்துச்சு. எங்களுக்கு?

மதிவாணன்:
அப்படியானால் என் நண்பன் சொன்னதுதான் சரியா? இயந்திரம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் நட்சத்திரமாக்கலாமா?

ரேவதி:
இல்லை, அந்த இடத்தில் நான் கதிரவன் பக்கம். ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் 1932இல் அன்னா ஸ்டென் என்ற நடிகையை ஐரோப்பாவிலிருந்து அழைத்து வந்தார். அன்றைய பெரிய நட்சத்திரங்களான கார்போவுக்கும் டீட்ரிக்குக்கும் போட்டியாக ஒருவரை உருவாக்கிக் காட்டுவது அவர் திட்டம். இரண்டு வருடம் ஆங்கிலப் பயிற்சி, படப்பிடிப்புக்கு முன்பே ஊரெல்லாம் படங்கள், செய்திகள். முதல் படம் வருவதற்குள் பேர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1934, 35இல் மூன்று படங்கள் வந்தன, மூன்றுமே கையைக் கடித்தன, ஒப்பந்தம் முடிந்தது. அவர் மோசமான நடிகை இல்லை. பேரைத் தெரிய வைக்கிற வேலை முழுசாக நடந்தது. அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு அலைய ஒரு ஜெனின் வரவில்லை.

நான் வேலை பார்த்தபோது இதைத்தான் முதலில் பார்ப்பேன். நாங்கள் அனுப்பாத படம், நாங்கள் எழுதாத வரி, நாங்கள் சொல்லாத நேரத்தில் எங்கிருந்தாவது வருகிறதா? மூன்று வாரம் ஆகியும் வரவில்லை என்றால் எத்தனை பேட்டி கொடுத்தாலும் பயனில்லை. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லத்தான் முடியாது.

கதிரவன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நாங்கள் எழுதாத வரி என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? குரலிலிருந்துதான். லிண்டிடம் இருந்தது, அன்னா ஸ்டெனிடம் அந்த ஊர் ஜனங்களுக்குப் பிடிக்கிற ஏதோ ஒன்று இல்லை. பார்னம் இல்லாமலும் லிண்ட் ஜெயித்திருப்பார்.

ரேவதி:
அதைச் சோதித்துப் பார்த்த மாதிரியே ஒன்று நடந்தது, கதிரவன். 1851 ஜூனில், 93 கச்சேரி முடிந்ததும் லிண்ட் பார்னத்தை விட்டுப் பிரிந்தார். அந்த ஆரவார விளம்பரம் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. பார்னம் காட்டிய மொத்த வசூல் 7 லட்சம் டாலருக்கு மேல். பிறகு ஒரு வருடம் போலச் சொந்தமாகவே அமெரிக்காவில் பாடினார். அதே குரல். கூட்டம் வந்தது, ஆனால் பழைய வெறி இல்லை.

கதிரவன்:
அது பார்னம் போனதாலா, புதுமை போனதாலா? முதல் வருடம் பார்த்தவர்கள் இரண்டாம் வருடமும் அதே விலை கொடுத்து அடித்துப்பிடித்து வருவார்களா? பார்னம் கூடவே இருந்திருந்தாலும் குறைந்துதான் இருக்கும். அவர் போன பிறகு கூட்டம் குறைந்தது என்று சொல்வதில் அவருக்கே லாபம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

ரேவதி:
நியாயமான கேள்வி. பார்னம் சொல்வதை நானும் பாதி தள்ளித்தான் படிக்கிறேன். அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பார்னம் காலத்து ஏலத்தில் ஒன்று மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. ப்ராவிடென்ஸ் நகரில் முதல் டிக்கெட் 650 டாலருக்குப் போயிற்று. பாஸ்டனையும் மிஞ்சிய விலை. அதை வாங்கியவர் கச்சேரிக்கு வரவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஷாஜஹான்:
அந்தப் படத்தை நானும் இன்னி வரைக்கும் பாக்கல அக்கா.