அன்லிமிடெட் பிளான் இருந்தும் 32 பவுண்டு தனி பில்: 0871 எண்ணுக்கு அழைத்ததில் வந்தது

கானாடுகாத்தான், இப்போது லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. ஆத்தா அனுப்பிய தேன்குழலும் சீப்புச்சீடையும் இருந்த பார்சல் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. பார்சல் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். பெரும்பாலும் இசைதான் ஓடியது, ஒருவர் எடுத்துப் பேசி முடிக்க 42 நிமிடம் ஆகிவிட்டது. என் பிளானில் நிமிடங்கள் அன்லிமிடெட் என்று போட்டிருந்ததால் கவலைப்படவில்லை.

நேற்று பில் வந்தது. மாதக் கட்டணம் 12 பவுண்டு, அதற்கு மேல் தனியாக 32 பவுண்டு 76 பென்ஸ். அத்தனையும் அந்த ஓர் அழைப்புக்கு. எண் 0871-இல் தொடங்குகிறது. வெளிநாட்டு எண்கூட இல்லை, இந்த ஊர் எண்தானே? பணம் திரும்பக் கிடைக்குமா? ஆத்தாளுக்கு அழைக்கவே இப்போது பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வளவுக்குள் மொபைல் சிக்னல் சரியாக வராது. லேண்ட்லைனில்தான் பேசுவார்கள்.

பள்ளத்தூர், இப்போது சிங்கப்பூர்

தம்பி, நான் வந்து இருபது வருடம் ஆகிறது. இங்கே 1800 எண்ணுக்கு மொபைலில் அழைத்தால் நிமிடம் கழியும். லேண்ட்லைனில்தான் இலவசம். அதனால் அங்கேயும் 08 என்று தொடங்கும் எதற்கும் மொபைலில் அழைக்காதே. 0800-உம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேவகோட்டை, இப்போது கார்டிஃப்

அண்ணன் சொல்வது சிங்கப்பூருக்குச் சரி. பிரிட்டனிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2015 ஜூலை 1 முதல் 0800, 0808 எண்கள் இங்கே மொபைலிலும் இலவசம். 08 எல்லாவற்றையும் ஒதுக்கினால், இலவசமாகப் பேசக்கூடிய எண்களையும் இழந்துவிடுவோம். ஒன்பது வருடம் ஒரு போன் கம்பெனியின் பில்லிங் பிரிவில் இருந்தேன். வாரம் தவறாமல் யாராவது புதிதாக வந்தவர் இதே பில்லோடு அழைப்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிளானில் அன்லிமிடெட் நிமிடங்கள் என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தம் 01, 02, 03-இல் தொடங்கும் எண்களும், இங்குள்ள சாதாரண 07 மொபைல்களும்தான். 03 என்பது பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் 01, 02-க்கு என்ன விலையோ அதுதான் வாங்கவேண்டும், பிளான் நிமிடத்திலும் சேர்க்கவேண்டும் என்பது விதி. 084, 087, 09, தொலைபேசி எண் விசாரிக்கும் 118 ஆகிய நான்கும் பெரும்பாலான பிளான்களுக்கு வெளியே நிற்பவை. பிளான் வாங்கும்போது கண்ணில் படாது. விலைப்பட்டியல் என்ற தனிக் கோப்பில் நாலாம் பக்கத்திலோ ஐந்தாம் பக்கத்திலோ இருக்கும்.

அந்த எண்களுக்கு இரண்டு கட்டணம் சேர்ந்து விழும். ஒன்று, எண்ணை வைத்திருப்பவர் வாங்கும் சேவைக் கட்டணம். 084-க்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை, 087-க்கு 13 பென்ஸ் வரை, 09 என்றால் நிமிடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் வரைகூடப் போகும். இன்னொன்று, உங்கள் நெட்வொர்க் எடுத்துக்கொள்ளும் அக்சஸ் கட்டணம். இதை நெட்வொர்க்கே நிர்ணயிக்கிறது, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும்.

தம்பி பில்லைப் பிரித்துப் பாருங்கள். 13 பென்ஸ் வீதம் 42 நிமிடம் 5 பவுண்டு 46 பென்ஸ். மிச்சம் 27 பவுண்டு 30 பென்ஸ். அதை 42-ஆல் வகுத்தால் 65 பென்ஸ். ஆக, உங்கள் நெட்வொர்க்கின் அக்சஸ் கட்டணம் நிமிடத்துக்கு 65 பென்ஸ். இணையத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு 13 பென்ஸ், கூடவே உங்கள் போன் கம்பெனியின் அக்சஸ் கட்டணம் என்று போட்டிருப்பார்கள். நாம் 13-ஐ மட்டும் படித்துவிட்டு ஐந்து பவுண்டுதானே என்று நினைத்துக்கொள்வோம். பெரிய தொகை நம்முடைய நெட்வொர்க்கிடம்தான் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கும் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சந்தேகம். அது நிஜமாகவே பார்சல் கம்பெனியின் எண்தானா? தேடும்போது முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். பெரிய கம்பெனிகளின் பெயரைப் போட்டு 084, 087, 09 எண் ஒன்றைக் காட்டி, அழைப்பை அந்தக் கம்பெனியின் உண்மையான எண்ணுக்குத் திருப்பிவிட்டு நிமிடக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நாங்கள் அந்தக் கம்பெனி அல்ல என்று எழுதியிருக்கும். ஒரு சோதனை இருக்கிறது. 0871-க்குப் பதில் 0371 போட்டு, மற்ற எண்களை அப்படியே அழுத்திப் பாருங்கள். 084, 087 எண் வைத்திருப்பவர்களுக்காக அதே எண்ணின் 034, 037 வடிவம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பல நல்ல நிறுவனங்கள் அதையும் இயக்குகின்றன. தரகர் எண் என்றால் பெரும்பாலும் அது வேலை செய்யாது. நேர்மையான நிறுவனமும் அதை எடுக்காமல் விட்டிருக்கலாம், அதனால் வேலை செய்யாததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

காரைக்குடி, இப்போது பர்மிங்காம்

ஊரில் இருக்கும் எங்கள் அப்பச்சிக்கும் இதேதான்! அன்லிமிடெட் ரீசார்ஜ்தான் போட்டுக்கொடுக்கிறோம். ஒரு தடவை கல்யாண வேலையாக ஒரே நாளில் எல்லோருக்கும் அழைத்தார். சாயங்காலம் பார்த்தால் பேலன்ஸ் இறங்கியிருந்தது. நீங்கள் சொல்லும் மாதிரி எண் எதற்கும் அழைக்கவில்லை.

தேவகோட்டை, இப்போது கார்டிஃப்

உங்களுடையது வேறு கேள்வி, ஆனாலும் கேட்டது நல்லதுதான். அது எந்த வருடம் நடந்தது? ஊரில் பல அன்லிமிடெட் பிளான்களில் தினசரி நிமிட வரம்பு இருந்தது. பிஎஸ்என்எல் பிளான்களில் ஒரு நாளைக்கு 250 நிமிடம். அதைத் தாண்டினால் அன்றைய நள்ளிரவு வரை அடிப்படைக் கட்டணத்தில் பேலன்ஸிலிருந்து கழியும். மறுநாள் காலையில் மறுபடி எல்லாம் சரியாகிவிடுவதால் காரணம் பிடிபடாது. 2021 ஜனவரியில் அந்த 250 நிமிட வரம்பை அவர்கள் நீக்கிவிட்டார்கள். அப்பச்சி எந்த நெட்வொர்க், எப்போது நடந்தது என்று தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். 250 நிமிடம் என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். கல்யாண அழைப்பு சொல்லுகிற நாளில் அது மத்தியானத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஊர் அன்லிமிடெட் பிளானில் நம் நாட்டுக்குள் போகும் அழைப்புதான் சேரும். அப்பச்சி உங்கள் பிரிட்டன் எண்ணுக்கு அழைத்தால் அது ஐஎஸ்டி, தனிக் கணக்கு.

காரைக்குடி, இப்போது பர்மிங்காம்

2019 ஆவணி. அப்படியானால் அந்த வரம்பாகத்தான் இருக்கும். ஆச்சி, நெட்வொர்க்கை அப்பச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கோட்டையூர், இப்போது லண்டன்

எதற்கு இவ்வளவு சிரமம்? 020-இல் தொடங்கும் காலிங் கார்டு எண்ணுக்கு அழைத்து, அங்கிருந்து ஊருக்கு அழையுங்கள். 020 அன்லிமிடெட்டில் இருக்கிறது. கார்டில் நிமிடத்துக்குச் சில பென்ஸ்தான் போகும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் பேசுகிறேன்.

தேவகோட்டை, இப்போது கார்டிஃப்

உங்களுக்கு ஒத்துவந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சில நெட்வொர்க்குகள் அழைப்பை வேறு எங்கோ திருப்பிவிடும் அணுகல் எண்களை, 020-இல் இருந்தாலும், அன்லிமிடெட்டில் சேர்க்கமாட்டோம் என்று விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. முதலில் இரண்டு நிமிடம் மட்டும் பேசிவிட்டு, கணக்கில் அந்த அழைப்பு பூஜ்யமாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே லேண்ட்லைன் எடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல பிளான்களில் ஓர் அழைப்பு 60 நிமிடம் வரைதான் இலவசம். 61-ஆவது நிமிடத்திலிருந்து கட்டணம் ஓடும். 58-இல் வைத்துவிட்டு மறுபடி அழைத்தால் புதிய 60 நிமிடம் கிடைக்கும்.

லெஸ்டர் தம்பிக்கு: நெட்வொர்க்கை அழைத்து முதலில் இரண்டு வேலை செய்யுங்கள். 084, 087, 09, 118 எண்களைத் தடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்து, பில் வரம்பு. 2018 அக்டோபர் முதல் மொபைல் கம்பெனிகள் மாதக் கட்டணத்துக்கு மேல் எவ்வளவு போகலாம் என்பதற்கு வரம்பு வைக்கும் வசதியைத் தந்தாகவேண்டும். ஐந்து பவுண்டு வைத்தால் ஐந்தில் நிற்கும். அவசர உதவிக்கான 999 எப்போதும் போகும்.

பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம். அக்சஸ் கட்டணம் விலைப்பட்டியலில் இருந்தால் நெட்வொர்க் தன் பக்கம் சரி என்றுதான் சொல்லும். அந்த எண் யாருடையது என்று நெட்வொர்க்கிடமே கேட்டு, அவர்களிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் கட்டணம் சரியாகக் காட்டப்படவில்லை என்றால், இங்கே போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமிடம் போகலாம். பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். 2014 ஜூனிலிருந்து, கடைகள் ஏற்கனவே பொருள் வாங்கியவர்களுக்குச் சாதாரணக் கட்டண எண் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பார்சலுக்குப் பணம் கட்டியவர் உங்கள் ஆத்தா, நீங்கள் பெறுபவர்தான். உங்களுக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது.

கானாடுகாத்தான், இப்போது லெஸ்டர்

ஆச்சி, ரொம்ப நன்றி. ஐந்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். 0371 போட்டுப் பார்த்தேன், அப்படி எண் இல்லை என்று வந்தது. பார்சல் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் உள்ளே போய்ப் பார்த்தால் 03 எண் ஒன்று இருக்கிறது. நான் பார்த்தது வேறு யாருடைய பக்கமோதான். நெட்வொர்க் அக்சஸ் கட்டணத்தைத் தரமுடியாது என்றது. வற்புறுத்தியதில் 10 பவுண்டு மட்டும் அடுத்த பில்லில் கழிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணின் உரிமையாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

பில் வரம்பைப் பூஜ்யம் என்றே வைத்துவிட்டேன். இப்போது ஆத்தாளுக்கு +91 4565 போட்டு அழைத்தால் போகவே மாட்டேன் என்கிறது. நான் பூஜ்யத்தை எடுத்து ஐந்தாக்க வேண்டுமா?

தேவகோட்டை, இப்போது கார்டிஃப்

ஐந்தாக்கினால் அழைப்பு போகும், ஆனால் பிளானுக்கு வெளியே உள்ள இந்தியக் கட்டணத்தில் அந்த ஐந்து சில நிமிடத்திலேயே தீர்ந்துவிடலாம். வரம்பு பூஜ்யமாகவே இருக்கட்டும். இந்திய நிமிடம் உள்ள ஆட்-ஆன் ஒன்று வாங்குங்கள். வாங்கும் முன் இந்திய லேண்ட்லைன் சேர்கிறதா, மொபைல் மட்டுமா என்று பாருங்கள். ஆட்-ஆன் காலாவதியாகும் தேதியையும் குறித்து வையுங்கள். அதற்கு மறுநாள் வரம்பு இல்லாமல் இருந்தால் மறுபடி இதே கதைதான்.

கானாடுகாத்தான், இப்போது லெஸ்டர்

300 நிமிட ஆட்-ஆன் எடுத்துவிட்டேன், லேண்ட்லைனும் சேரும் என்று எழுதியிருக்கிறது. நேற்று ஆத்தாளிடம் பேசினேன். பார்சலும் வந்துவிட்டது, சீப்புச்சீடை பாதி நொறுங்கிப்போய்.