கேம் டிசைன் மன்றத்துக்குக் கணினி கேட்டுப் பள்ளி முதல்வருக்கு எழுதிய கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

கணித ஆசிரியை

எங்கள் பள்ளியில் கேம் டிசைன் மன்றம் தொடங்கக் கணினி கேட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். எட்டுக் கணினிகள் கிடைத்தன. கடிதத்தில் எது எடுபட்டது என்று எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

எழுதுவதற்கு முன்பு, ஆய்வகத்தில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கணினியைப் போட்டுப் பார்த்தேன். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் பிரவுசரில் மெதுவாகத் திறந்தது, ஆனால் ஓடியது. விளையாட்டு செய்யும் இலவச மென்பொருளான கோடோவில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது `Forward+` என்பதை விட்டு `Compatibility` என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வேலை நடந்தது. `Forward+` கேட்கும் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் முறைகள் பழைய சிப்பில் ஓடாது. அதனால் 'உயர்தரக் கணினிகள் தேவை' என்று கேட்கவில்லை. நான் கேட்டது இப்படி:

"மன்றத்தில் 16 மாணவர்கள். இருவருக்கு ஒரு கணினி என 8 போதும். ஒருவர் கணினியில் செய்யும்போது மற்றவர் தாளில் எழுதிய விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், பிறகு இடம் மாறுவார்கள். பயன்படாமல் இருக்கும் கணினிகளில் ரேமை 8 ஜிபியாக்கி, எஸ்எஸ்டி பொருத்தித் தந்தால் புதியவை வாங்க வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குக் கணினியே தேவையில்லை. அட்டையும் பகடையும் கொண்டு விளையாட்டை வடிவமைப்பார்கள்."

முதல்வர் நெடுநேரம் பேசியது அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான். பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே இருப்பார்களோ என்பது அவர் கவலை. பருவ முடிவில் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு ஜோடியும் ஒரே திரையில் வெற்றி தோல்வி உள்ள ஒரு சின்ன விளையாட்டு செய்யும், வேறொரு ஜோடி அதை விளையாடும்போது செய்தவர்கள் வாய் திறக்காமல் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள் என்றேன். இப்போது அதுதான் நடக்கிறது. ஒரு விளையாட்டில் எல்லோரும் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றார்கள். கதவும் சுவரும் ஒரே நிறம். செய்த பையன் 'அங்கேதான் கதவு' என்று சொல்லத் துடித்தான், பேசக்கூடாது என்பதால் பேசாமல் நிறத்தைப் போய் மாற்றினான்.

முன்பு கேம் நிறுவனத்தில் இருந்த பெற்றோர்

யூனிட்டி மாதிரி பெரிய கேம் மென்பொருள் இல்லாமல் கேம் டிசைன் எப்படி? தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிதான் கேட்க வேண்டும். பழையது போதும் என்று எழுதிவிட்டால் எப்போதும் பழையதுதான் தருவார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர்

2டி விளையாட்டுக்குத் தனி கார்டு வேண்டாம், யூனிட்டியும் கட்டாயமில்லை. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னது சரி. 'இது முதல் கட்டம்' என்று கடிதத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும்.

கணினியைவிட எங்களுக்குத் தலைவலி தருவது வேறு. பல ஆய்வகங்களில் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் இருக்கும். வாரம் முழுக்கச் செய்த விளையாட்டு மறுநாள் காலை இருக்காது. அழிக்கப்படாத ஒரு டிரைவோ சர்வரில் ஒரு ஃபோல்டரோ வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். கோடோவை இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஒரே ஃபைல்தான். ஆனாலும் தெரியாத எக்ஸ்இ ஃபைலைத் திறக்கவிடாத ஆய்வகங்கள் உண்டு, முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

அப்புறம், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தேவை, பழைய பிராசசர்களை அது ஏற்காது. அப்படிப்பட்ட கணினியை நெட்வொர்க்கில் சேர்க்க மறுத்தால் லினக்ஸ் போடலாம். பிரவுசரில் திறக்கும் ஸ்கிராட்சும், கோடோவும் அதில் ஓடும். ஸ்கிராட்சின் அதிகாரபூர்வ ஆஃப்லைன் ஆப் மட்டும் லினக்ஸுக்கு இல்லை. அதனால் இணையம் வராத அறை என்றால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்

எங்கள் பையன்களும் பள்ளிகளுக்கிடையே ஆன்லைன் போட்டி விளையாட மன்றம் கேட்கிறார்கள். இதே கடிதத்தைக் கொடுக்கலாமா?

கணித ஆசிரியை

இல்லை சார், அது விளையாடும் மன்றம், இது விளையாட்டைச் செய்யும் மன்றம். உங்களுக்கு வேகமான கணினியும் தடையில்லா இணையமும் வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் உங்களுக்குப் பழைய கணினிதான் வரும்.

ஓவிய ஆசிரியர்

என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. கணினி தர மறுக்கவில்லை. பள்ளி விட்ட பிறகு அறைச் சாவி யாரிடம் இருக்கும், நான் வராத நாளில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள், கடிதத்தில் பதில் இல்லை. இப்போது மதிய இடைவேளையில் காகிதத்தில் மட்டும் செய்கிறோம். பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள், ஆனால் திரையில் எப்போது என்று கேட்கிறார்கள்.

கணித ஆசிரியை

நான் இன்னொரு ஆசிரியரின் கையெழுத்தையும் வாங்கி, சாவி இருவர் பொறுப்பு என்று எழுதியிருந்தேன். காகிதத்தில் செய்த விளையாட்டுகளை மறுகடிதத்தோடு வையுங்கள், முதல்வரையே ஒரு ஆட்டம் விளையாடச் சொல்லுங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர்

உங்கள் எட்டிலும் அந்த ரீஸ்டார்ட் மென்பொருள் இருக்கிறதா?

கணித ஆசிரியை

தெரியவில்லை. நாளைக்கு ஒரு ஃபைலை வைத்துவிட்டு அணைத்துப் பார்க்கிறேன். அதுவரை பிள்ளைகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

முன்பு கேம் நிறுவனத்தில் இருந்த பெற்றோர்

பென் டிரைவை ஆய்வகத்தில் அனுமதிப்பார்களா?