சேர்க்கைப் பட்டியலில் வயது: பாதி வரிகளில் #VALUE! வருகிறது

பள்ளி அலுவலகம்: முதல் வகுப்புச் சேர்க்கைப் பட்டியலில் வயதை ஆண்டும் மாதமுமாகக் காட்ட வேண்டும். கீழே உள்ள சூத்திரம் சில வரிகளில் சரியாக வருகிறது, மற்றவற்றில் பிழை காட்டுகிறது. நாளை காலை பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

```
=DATEDIF(C2,$H$1,"Y")&" வயது "&DATEDIF(C2,$H$1,"YM")&" மாதம்"
```

தாள்கணக்கன்: H1-இல் எந்தத் தேதி உள்ளது? பிறந்த தேதிகள் கையால் அடிக்கப்பட்டவையா, வேறு கோப்பிலிருந்து வந்தவையா? பிழை வரும் வரி ஒன்றையும் வராத வரி ஒன்றையும் அப்படியே இடுங்கள்.

கணக்கர்72: தேதிகளைக் கழித்து 365-ஆல் வகுத்தாலே போதும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

பழைய உறுப்பினர்: இந்த அடிப்படையை இங்கே எத்தனை முறைதான் விளக்குவது? 01/08/2020 அன்று பிறந்த குழந்தைக்கு 31/07/2025 வரை 1825 நாள்கள் ஆகின்றன. அதை 365-ஆல் வகுத்தால் சரியாக 5 வரும், ஆனால் ஐந்தாவது பிறந்தநாளே மறுநாள்தான். இடையில் வந்த 29/02/2024-ஐ உங்கள் வகுத்தல் கணக்கில் கொள்ளவில்லை.

பள்ளி அலுவலகம்: H1-இல் =DATE(2025,7,31) என்று உள்ளது, அதாவது 31/07/2025. இணைய விண்ணப்பத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தேன். 23/08/2020 பிழை தருகிறது. 07/11/2020 சரியாக வருகிறது: 5 வயது 0 மாதம்.

தாள்கணக்கன்: அந்த இரண்டாவது வரிதான் தவறு. நவம்பர் 7 பிறந்த குழந்தைக்கு அன்று 4 வயது 8 மாதமே ஆகியிருக்கும். உங்கள் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிப்பதால், அதை ஜூலை 11 என்று எடுத்துக்கொண்டது. 23-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் மற்றது வெறும் எழுத்தாக நின்று பிழை காட்டியது. ஆகவே நாள் 12-ஐத் தாண்டாத வரிகளெல்லாம் பிழை காட்டாமலே மாறியிருக்கும், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் தப்பியிருக்கும். பக்கத்துக் கலத்தில் இதை இட்டுப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள்:

```
=TEXT(C2,"dd mmmm yyyy")
```

எக்செலை மூடிவிட்டு, விண்டோஸின் Region அமைப்பை English (India) என்று மாற்றி, சிஎஸ்வியைப் புதிதாக இறக்கித் திறங்கள். பழைய கோப்பைச் சேமித்திருந்தால் அதிலும் தேதிகள் மாறியிருக்கக்கூடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஆகஸ்ட் 1 குழந்தையைப் பற்றி ஒரு சொல். மாதத்தின் முதல் நாளில் பிறந்த அரசு ஊழியர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுகிறார். அவ்வாறெனில் அந்தக் குழந்தைக்கு ஜூலை 31 அன்றே ஐந்து வயது நிறைவடைகிறது அல்லவா?

பழைய உறுப்பினர்: ஓய்வு விதியைச் சேர்க்கைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஒரு நாளுக்காகக் குழந்தைக்கு ஓராண்டு வீணாகும்போது அதைக் கேட்டே ஆக வேண்டும்.

தாள்கணக்கன்: சூத்திரம் 4 வயது 11 மாதம் என்றே காட்டும். சுற்றறிக்கை பிறந்த தேதி வரம்பைக் கொடுத்திருந்தால், வயதை விட்டுவிட்டுத் தேதியையே அந்த வரம்போடு ஒப்பிடுங்கள்.

பள்ளி அலுவலகம்: புதிதாக இறக்கிய கோப்பில் பிழை இல்லை. ஐந்து வயது என்று நான் குறித்திருந்த மூன்று குழந்தைகளுக்கு இன்னும் ஐந்து நிறையவில்லை. நன்றி.