பாரதக் கூத்து நன்கொடை: நானும் ஒன்று சொல்கிறேன்

பெரியவர்களுக்கு வணக்கம். நான் கிணத்து வீட்டுப் பெண், ஜெர்மனியில் படிக்கிறேன்.

நேற்று நம்ம ஊரில் படுகளம். அங்கே காலை பத்து மணி, இங்கே ஆறரை. அம்மா போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். கூட்டத்துக்கு நடுவே மண் துரியோதனனின் தலையும் ஒரு கையும்தான் தெரிந்தன. வீமன் வேஷக்காரர் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் வழிந்தது. 'கோவிந்தா' என்று சத்தம் எழுந்தது. பாஞ்சாலி கூந்தல் முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை, படுத்து அழுதேன்.

தீபாவளிக்கு இங்கேயும் புடவை, இனிப்பு எல்லாம் உண்டு. அன்று இவ்வளவு வலிக்கவில்லை. படுகளத்தைச் சொன்னால் என்னோடு படிக்கும் மதுரைப் பெண்ணுக்கே புரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த முறை பத்து ராத்திரிக் கூத்தை மூன்றாகக் குறைத்து, பாட்டுக் கச்சேரி வைக்கப் போவதாக அம்மா சொன்னாள். தயவுசெய்து வேண்டாம். அர்ச்சுனன் தபசு மரத்தின் மேலிருந்து போட்ட எலுமிச்சம்பழத்தை, அம்மா ஈரப் புடவையோடு கீழே கிடந்து மடியில் வாங்கினாள். அதற்கப்புறம்தான் நான் பிறந்தேன். ஐம்பது யூரோ அனுப்புகிறேன், இப்போது அவ்வளவுதான் முடியும்.

*

துபாயிலிருந்து: பாப்பா, உன் மனசு புரிகிறது. ஆனால் போன முறை தபசு மரத்துக்குப் பனைமரம் மேலத்தெருவில் இனாமாகக் கொடுத்தார்கள். கணக்கில் அதற்கு விலை போட்டிருக்கிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போனது?

*

சிங்கப்பூர்: பாரதப் போர் பதினெட்டு நாள். கூத்தும் பதினெட்டு ராத்திரிதான் முறை. பத்தே குறைச்சல். பக்கத்து ஊர்க்காரன் முன்னால் தலை குனிய வேண்டுமா?

*

வாத்தியார் வீடு, சென்னை: போர் பதினெட்டு நாள், சரி தம்பி. கூத்து ராத்திரிகளுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. நம் பக்கம் பகலில் பாரதப் பிரசங்கம் பல நாள் முன்பே தொடங்கும். கூத்து ஜமா அப்புறம் வந்து ஊர் வசதிப்படி எட்டு, பத்து ராத்திரி ஆடும். வில் வளைப்பையோ வேறொன்றையோ விட்டால் பிரசங்கக்காரர் கதையாகச் சொல்லி நிரப்பிவிடுவார். துகிலையும் பதினெட்டாம் போரையும் எடுத்துவிட்டால் காலையில் பாஞ்சாலி எந்தச் சபதத்துக்குக் கூந்தல் முடிவாள்? தபசுக்கு மரம் நட வேண்டும், ஆள் ஏற வேண்டும். செலவு அதிகம் என்று முதலில் அதில்தான் கை வைப்பார்கள். மூன்று ராத்திரி என்றால் அது போய்விடும் என்றுதான் எனக்கும் பயம்.

*

குவைத் சின்னம்மா: கண்ணு, அங்கே சாப்பாடு சேரவில்லையா? கேழ்வரகு மாவு அனுப்பட்டுமா? உங்கம்மா படுகள மண் எடுத்துக் குதிரில் போட்டாளா என்று கேள். எங்கள் வீட்டுக்கு இந்த வருஷமும் யாரும் கொண்டுவந்து தரவில்லை. அண்ணி வேண்டுமென்றே செய்கிறாள்.

*

துபாயிலிருந்து: தபசு ராத்திரிச் செலவில் பாதி நான் தருகிறேன். பனைமரக் கணக்கு முதலில் வரட்டும்.